ஃபாஸ்டிங் நார்மல், எச்பிஏ1சி மட்டும் அதிகம்... ரிப்போர்ட்டில் எதை நம்புவது?

ஆபீஸ் ஹெல்த் செக்கப் முடிந்து ரிப்போர்ட் மொபைலுக்கு வருகிறது. உதாரணத்துக்கு, 29 வயதுப் பெண் ஒருவரின் ரிப்போர்ட் இது: ஃபாஸ்டிங் சுகர் 92, சாப்பிட்டு இரண்டரை மணி நேரம் கழித்து எடுத்த ரேண்டம் 118, எச்பிஏ1சி 6.7. முதல் இரண்டும் நார்மல். மூன்றாவது மட்டும் சிவப்பில் இருக்கிறது. காரணம், எச்பிஏ1சி 6.5-ஐத் தொட்டாலே அது சர்க்கரை நோய்க்கான அளவு.

அப்படியானால் இவருக்குச் சுகர் இருக்கிறதா, இல்லையா?

இதற்கு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். எச்பிஏ1சி எண்ணை 28.7-ஆல் பெருக்கி, 46.7-ஐக் கழித்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவு கிடைக்கும். 6.7-க்கு அது சுமார் 146. வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பிறகும் 118 என்றால், சராசரி மட்டும் எப்படி 146 ஆகும்? இங்கேதான் இடிக்கிறது.

அடுத்து, அதே ரிப்போர்ட்டில் ரத்த அணுக்கள் பக்கத்தைப் பார்க்க வேண்டும். இவருக்கு ஹீமோகுளோபின் 8.6. சிவப்பணுக்களின் சராசரி அளவான எம்சிவி 66. 80-க்குக் கீழே போனாலே குறைவுதான். இரண்டும் சேர்ந்து இரும்புச்சத்துக் குறைபாட்டைச் சந்தேகிக்க வைக்கின்றன. எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதன் அளவு. இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் உருவாவது குறையும். ரத்தத்தில் பழைய அணுக்களின் பங்கு கூடும். அவற்றில் சர்க்கரை ஒட்ட அதிக நாள் கிடைத்திருப்பதால், எண் பொய்யாக ஏறிக் காட்டலாம்.

இது தலைகீழாகவும் நடக்கும். சமீபத்தில் ரத்தம் அதிகம் போயிருந்தாலோ, ரத்தம் ஏற்றியிருந்தாலோ எச்பிஏ1சி குறைத்துக் காட்டலாம். ஃபாஸ்டிங் 160 இருக்க, எச்பிஏ1சி 5.4 என்று வந்தால் நிம்மதி அடையக் கூடாது. 5.4-க்கான சராசரியே 108தான்.

அதற்காக 6.7-ஐத் தூக்கிப் போட்டுவிடவும் முடியாது. ரேண்டம் என்பது ஒரே ஒரு நேரத்து அளவு. மற்ற வேளைகளில் சாப்பிட்டதும் சுகர் ஏறி இறங்கியிருக்கலாம். எனவே அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு, இப்படி ஒற்றை எண்ணை வைத்துச் சுகர் என்று முடிவு செய்வதில்லை. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட்டும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் டெஸ்ட்டும் தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம். இரும்பு மாத்திரை ஆரம்பித்த உடனே எச்பிஏ1சி-யை மறுபடி பார்ப்பதிலும் பயனில்லை. புது அணுக்கள் வேகமாகச் சேரும்போது எண் தானாகவே இறங்கும். ரத்தசோகை சரியாகி மூன்று மாதமாவது போக வேண்டும்.

மூன்று எண்களையும் ஒரே தாளில் அச்சிடும் லேப், அவை ஒத்துப்போகாதபோது ஒரு வரிக் குறிப்பும் சேர்க்க வேண்டும். ஹீமோகுளோபின் எண் அவர்களிடமே இருக்கிறது. அந்த ஒரு வரி இல்லாததால் ஒருவர் தேவையில்லாமல் சுகர் மாத்திரை போடத் தொடங்கலாம். இன்னொருவர் இருக்கும் நோயையே கவனிக்காமல் விடலாம்.