டாலர்ல பில்லு, ரூபாய்ல கடன்

அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போற பசங்க வீட்ல பட்ஜெட் போடுற அழகே தனி. ஐ-20 படிவத்துல ஒரு வருஷச் செலவு போட்டிருக்கும். அதை ரெண்டால பெருக்கி, கூகிள் அன்னிக்குக் காட்டுற டாலர் விலையால பெருக்கி, வர்ற தொகைக்குக் கடனும் கைக்காசும் ஏற்பாடு பண்ணுவாங்க. என்னைக் கேட்டா இது பட்ஜெட்டே இல்லீங்க, ரெண்டு வருஷத்துக்கு டாலர் அசையாதுன்னு கட்டுற பந்தயம்.

எங்க தெருப் பையன் கணக்கையே பாருங்க. ஃபீஸ் 25,000, தங்க சாப்பிட 12,000, ஆக வருஷத்துக்கு 37,000 டாலர். 2022 ஜனவரியில டாலர் சுமார் 75 ரூபாய். மொத்தம் 55.5 லட்சம்னு முடிவு பண்ணிட்டாங்க. முதல் வருஷம் சராசரியா 80 ரூபாய் ஆயிடுச்சு, 29.6 லட்சம் போச்சு. மிச்சம் 25.9 லட்சம். இரண்டாம் வருஷம் 83 ரூபாய், தேவை 30.71 லட்சம். துண்டு விழுந்தது 4.81 லட்சம்! காலேஜ் ஒரு பைசா ஏத்தலை, ஏறினது டாலர் மட்டும்தான். (2025 டிசம்பர்ல அது 90ஐயும் தாண்டிடுச்சு.)

கடன் வரம்பு ரூபாய்லதான் இருக்கும், டாலர் ஏறினா அது தானா ஏறாது. கூட்டிக் கேட்டா மறுபடி மனு, சொத்து மதிப்பீடுன்னு ஆரம்பிப்பாங்க. ஃபீஸ் கடைசித் தேதி அதுக்கெல்லாம் காத்திருக்குமா? இன்னொண்ணு, வெளிநாட்டுப் படிப்புக் கடன்ல பொதுவா 15 சதவீதம் நம்ம கையிலிருந்து போடணும். பில்லு ரூபாய்ல பெருத்தா அப்பா போட வேண்டியதும் பெருக்கும்.

அதனால கணக்கை டாலர்லயே வச்சுக்கிட்டு, பேங்க் டாலர் விக்கிற ரேட்ல ஆரம்பிங்க. கூகிள் ரேட்டுக்கு யாரும் விக்க மாட்டாங்க, ஒரு ரூபாய் வித்தியாசம்னாலே வருஷத்துக்கு 37,000 ரூபாய். முதல் வருஷத்துக்கு 4 சதவீதம், இரண்டாம் வருஷத்துக்கு 8 சதவீதம் கூட்டுங்க. அந்தப் பையன் வீட்ல 78, 81னு போட்டிருந்தா 58.83 லட்சம் வந்திருக்கும். அப்பவும் குறைதான், ஆனா ஒன்றரை லட்சம் குறை. அதைப் புரட்டிடலாம். வரம்பு கூட வாங்கினா வட்டி கூடுமேன்னு பயப்படுறாங்க. எடுத்த பணத்துக்குத்தான் வட்டி. கூடுதல் வரம்புக்கு ஈடு காட்டணும், அது முடியாதவங்களுக்குத்தான் கஷ்டம்.

வீட்டுச் செலவு மாசாமாசம் போறதால ஏத்த இறக்கம் ஓரளவு சமனாகும். ஃபீஸ் ஆகஸ்ட், ஜனவரின்னு மொத்தமா அடிக்கும், அந்த நாள் ரேட்தான் விதி. முதல் வருஷம் முடியற மே மாசத்துல மிச்ச ரூபாயை அன்னிக்கு பேங்க் ரேட்டால வகுத்துப் பாருங்க. 25.9 லட்சத்தை 83ஆல வகுத்தா 31,200 டாலர், தேவை 37,000. அப்பவே பேங்க் படி ஏறினா ஆகஸ்ட்டுக்குள்ள மூணு மாசம் கையில இருக்கும்.