மூன்று கட்ட அட்டவணையும் ஒரு கழித்தல் கணக்கும்

கல்வி உளவியல் அத்தியாயத்தைச் சுருக்கிய நண்பர், நடத்தைவாதம் பழசு, அறிகைவாதம் நடுவிலானது, கட்டுருவாக்கவாதமே சரி என்று ஓர் அட்டவணை போட்டு முடித்திருக்கிறார். அட்டவணை அழகாக இருக்கிறது. வகுப்பறைக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

பொல்பிட்டியப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஒரு பிள்ளை 52−27 என்ற கணக்குக்கு 35 என்று எழுதுகிறாள் என வைப்போம். சிவப்புப் பேனாவால் வெட்டிவிட்டு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால், தவறுதான் பழகிப்போகும். 63−48 கொடுத்துப் பாருங்கள். 25 என்று எழுதினால் அது கவனக்குறைவல்ல. மேலே கீழே பாராமல் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கும் விதியொன்று அவள் மனதில் இருக்கிறது. இந்தக் கண்டுபிடிப்பைத் தருவது அறிகை நோக்கு.

அடுத்து, ஐந்து ஈர்க்குக் கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் கொடுத்து 27ஐ எடுக்கச் சொல்லுங்கள். ஏழை எடுக்க ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும் என்று அவளே காண்பாள். இது பியாஜே வழி. தடுமாறினால் ஒரு கேள்வி கேட்டுக் கைகொடுத்து, பிறகு கையை எடுத்துவிடுவது வைகொட்ஸ்கி வழி. விளங்கிய பின்னர்தான் ஸ்கின்னரின் முறை: சிறிய பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் உடனடித் திருத்தம்.

ஆக, இவை ஒன்றையொன்று தோற்கடித்த கட்சிகளல்ல. வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். சுருக்கம் எழுதுபவர் கோட்பாட்டின் வயதைக் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையின் எந்தத் தவறுக்கு அது உதவும் என்று கேட்கட்டும்.