போர்க்காலத்தில் தற்கொலை ஏன் குறைந்தது?

இளம் வயதில் ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்ட வீட்டுக்குப் போனால், முற்றத்தில் நிற்கிற சனம் அடிக்குரலில் ஒரே கேள்வியைத்தான் கேட்கும்: "என்ன பிரச்சினையாம்?" காதல், கடன், சோதனை முடிவு என்று ஏதாவது ஒரு பதில் வரும். கடைசியில் "மனம் பலமில்லாத பிள்ளை" என்று யாராவது கதையை முடித்துவைப்பார்கள்.

எமில் துர்கைம் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1897இல் 'தற்கொலை' என்ற நூலை வெளியிட்டார். அவர் கேட்டது வேறு கேள்வி. ஒரு நாட்டில் ஒவ்வொரு வருடமும் இறப்பவர்கள் வெவ்வேறு ஆட்கள், காரணங்களும் வெவ்வேறு. ஆனால் லட்சம் பேருக்கு இத்தனை பேர் என்ற வீதம் மட்டும் வருடக்கணக்காகப் பெரிதாக மாறுவதில்லை. அப்படியென்றால் அந்த வீதம் தனி ஆட்களின் மனதைப் பற்றியதாக இருக்க ஏலாது, அவர்கள் வாழ்கிற சமூகத்தைப் பற்றிய ஏதோ ஒன்றைத்தான் சொல்கிறது என்றார் அவர்.

அவர் காட்டிய உதாரணங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது போர். 1866இல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் மோதிக்கொண்டன. அந்த வருடம் இரண்டு நாட்டிலுமே தற்கொலைகள் ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்தன. அடுத்த வருடமே திரும்பக் கூடின. பயமும் இழப்பும் கூடின காலத்தில் தற்கொலையும் கூடியிருக்க வேண்டாமா?

"ஆம்பிளைகள் எல்லாம் போர்முனைக்குப் போய்விட்டார்கள், கணக்கெடுக்க ஆளில்லை, அதுதான் குறைந்தது" என்று ஒருவர் சொல்லலாம். இதைத் துர்கைமும் எதிர்பார்த்தார். வீட்டிலிருந்த பெண்களிடையேயும் வீதம் குறைந்ததை அவர் காட்டினார். 1870-71 போரில் படையெடுக்கப்பட்ட பிரான்சில் மட்டுமல்ல, படையெடுத்த ஜெர்மனியிலும் குறைந்தது. ஆகவே பதிவுக் குழப்பம் மட்டும் காரணமில்லை என்றார்.

அவருடைய விளக்கம் 'சமூக ஒருங்கிணைவு'. ஒரு மனிதர் குடும்பத்தோடும் அயலோடும் சமயத்தோடும் எவ்வளவு இறுக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறார் என்பதுதான் அது. பொது ஆபத்து வரும்போது ஆட்கள் தங்களைப் பற்றி யோசிப்பதை விட்டு, எல்லாருக்கும் பொதுவான ஒன்றுக்குள் இழுபடுகிறார்கள். அந்தப் பின்னல் தளரும்போது கூடுவதை அவர் 'தன்முனைப்புத் தற்கொலை' என்றார். பின்னல் இறுகித் தனிமனிதரையே விழுங்கிவிட்டாலும் ஆபத்துத்தான். குழுவுக்காகத் தன்னை அழிப்பது கடமையாகிவிடும். எனவே நெருக்கம் கூடக்கூட எல்லாம் நல்லது என்று அவர் சொல்லவில்லை.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு யாழ்ப்பாணம் ஞாபகம் வராமல் இராது. போர் தீவிரமாக இருந்த காலத்தில் அங்கே தற்கொலை வீதம் குறைந்ததை மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடைய சகாவும் 1995இல் வெளியான ஆய்வில் காட்டினார்கள். பதுங்குகுழிக்குள் நாலு குடும்பம் ஒன்றாக இருந்த காலத்தை நினைத்தால் துர்கைமின் விளக்கம் பொருந்துகிற மாதிரித்தான் தெரியும். அதற்காகப் போர் நல்லது என்று யாரும் சொல்ல வரவில்லை. அந்த நெருக்கத்தைத் தருவதற்குப் போர்தான் வேணுமா என்பதுதான் இங்கே கேள்வி.

ஆனால் துர்கைமை அப்படியே விழுங்கவும் கூடாது. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் லட்சத்துக்கு 47 அளவில் இருந்தது. பத்து வருடத்தில் அது ஏறத்தாழ அரைவாசியானது. அந்தப் பத்து வருடத்தில் எங்கள் உறவுகள் இரண்டு மடங்கு இறுகிவிட்டனவா? இல்லை. அதிக நச்சுத்தன்மை கொண்ட பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்ததே முக்கிய காரணம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். நெருக்கடியான ஒரு கணத்தைத் தாண்டிவிட்டால் பலர் பிழைத்துக்கொள்கிறார்கள். 'வீதம் என்றால் சமூகப் பிணைப்பு' என்று மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

இன்னொரு எல்லையும் உண்டு. வீதம் ஒரு கூட்டத்தைப் பற்றியது. அதை வைத்து "அவன் தனிமையில் இருந்தான், அதுதான் செத்தான்" என்று ஒரு ஆளின் சாவை விளக்க முடியாது. அப்படிச் செய்தால் "மனம் பலமில்லை" என்ற பழைய தீர்ப்புக்குப் பதிலாக இன்னொரு தீர்ப்பை எழுதினவர்களாவோம்.

என்றாலும் அந்த முற்றத்தில் துர்கைம் நின்றிருந்தால் கேள்வி மாறியிருக்கும். "அவனுக்கு என்ன பிரச்சினை?" என்பதோடு, இந்த ஊரில் இந்த வயதுப் பிள்ளைகள் யாரோடு கதைக்கிறார்கள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு எந்தக் கூட்டத்துக்குள் அவர்களுக்கு ஒரு இடம் இருக்கிறது என்றும் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் முற்றத்தில் நிற்கிற நாங்கள் எல்லாரும்.

(உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்படியான எண்ணம் வந்தால் ஒருவரோடு கதையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926.)