"மனசு சரியில்ல"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி குதிகாலைத் தட்டிப் பாருங்க

1/ மேற்கு மாம்பலம், ஆரிய கவுடா ரோட்டுப் பக்கம் ஒரு அம்மா. 48 வயசு. (அடையாளங்களை மாத்தியிருக்கேன்.) மாமியார் இறந்து ஆறு மாசத்துல பேச்சு குறைஞ்சுது, சமையல் நின்னுது, பகல்லயும் தூக்கம். "துக்கம், டிப்ரஷன்"னு ஒரு இடத்துல மாத்திரை ஆரம்பிச்சாங்க. யாரும் கழுத்தைத் தொட்டுப் பாக்கல.

2/ எட்டாவது மாசம், மாடி வீட்டுக்காரங்க தண்ணித் தொட்டியில மருந்து கலக்குறாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. சைக்கோசிஸ்னு இன்னொரு மாத்திரை சேர்ந்தது. இன்னும் மந்தமானாங்க. குடும்பம் ஹோம்ல சேர்க்க விசாரிச்சுக்கிட்டு இருந்தது.

3/ என்கிட்ட வந்தது மலச்சிக்கலுக்கு. முகம் உப்பலா இருந்தது, தோல் வறண்டு போயிருந்தது, நாடி 54. மே மாசம், மின்விசிறி வேணாம்னாங்க. குரல் கரகரப்பு. அந்தக் குரலுக்கு நானே முன்னாடி ரெண்டு தடவை இருமல் மருந்து எழுதியிருக்கேன். அதனால இந்த இழையில நான் திட்டுறது என்னையும் சேர்த்துத்தான்.

4/ குதிகால் நரம்பைச் சுத்தியலால தட்டினேன். பாதம் இழுத்துக்கிட்டது, ஆனா திரும்பி வர்றப்போ மெதுவா, நழுவுற மாதிரி வந்தது. தைராய்டு ரொம்பக் குறைஞ்சவங்ககிட்ட பாக்குற அடையாளம் இது. டிஎஸ்எச் 112. நார்மல் சுமார் 4.5 வரைதான்.

5/ இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. 1888லயே லண்டன் கிளினிக்கல் சொசைட்டி குழு, தைராய்டு குறைபாட்டுல மனப்பிரமை வரும்னு எழுதிடுச்சு. 1949ல ரிச்சர்ட் ஆஷர் இப்படிப்பட்ட 14 பேரை விவரிச்சு, இதுக்குன்னு ஒரு பேரே வச்சார். அப்போ ரத்தப் பரிசோதனை வசதி குறைவு. இப்போ சில நூறு ரூபாய்க்கு எந்த லேபிலயும் டிஎஸ்எச் பாக்கலாம். அப்புறம் ஏன் விடுறோம்?

6/ கதை கிடைச்சுடுறதாலதான். மாமியார் இறந்தாங்க, அதான் சோகம். மெனோபாஸ், அதான் கோபம். காரணம் பொருத்தமா இருந்துட்டா உடம்பைத் தொட்டுப் பாக்குறது நின்னுடுது. ஆனா துக்கத்துல இருக்கிறவங்களுக்கும் தைராய்டு கெடும். துக்கத்தால மட்டும் நாடி 54க்கு இறங்காது.

7/ லெவோதைராக்ஸின் ஆரம்பிச்சோம். இதயத்தைப் பாத்துட்டு, குறைஞ்ச அளவுல இருந்து. காலையில வெறும் வயித்துல, தண்ணியோட. ஃபில்டர் காபி அரை மணி நேரமாவது கழிச்சு, இல்லன்னா மருந்து சரியா உடம்புல சேராது. மனநல மாத்திரையை உடனே நிறுத்தல. டாக்டரோட பேசி, மாசக்கணக்குல குறைச்சோம். நாலாவது மாசம் தண்ணித் தொட்டிப் பேச்சு போச்சு. ரசம் வச்சாங்கன்னு மகள் போன் பண்ணா.

8/ இதே தப்பு வலிப்பு நோயிலயும் நடக்குது. வலிப்புன்னா கீழ விழுந்து கைகால் வெட்டுறதுன்னு மட்டும் நினைக்கிறோம். சிலருக்கு அது வயித்துல இருந்து மேல ஏறுற திடீர் பயமா வரும். ஒண்ணு, ரெண்டு நிமிஷம் வெறிச்ச பார்வை, உதட்டைச் சப்புறது, துணியைத் தடவுறது. அப்புறம் குழப்பம், ஞாபகம் இருக்காது. நாம "பானிக்"னு எழுதிடுறோம். பானிக் பொதுவா இன்னும் நீளும், ஆளுக்கு ஞாபகமும் இருக்கும்.

9/ இன்னொண்ணு: அடுத்தடுத்து பல வலிப்பு வந்து, ஒரு நாள் ரெண்டு நாள் தெளிவா இருந்துட்டு, அப்புறம் குரல் கேக்குது, சாமி பேசுதுன்னு ஆரம்பிக்கும். நடுவுல தெளிவா இருந்ததால யாரும் வலிப்போட சேர்த்துப் பாக்குறதில்ல. அதனால புதுசா பிரமைன்னு வந்தா, "போன வாரம் வலிப்பு வந்துச்சா?"ன்னு கேளுங்க. ஒரு தடவை எடுத்த இஇஜி நார்மல்னா வலிப்பு இல்லன்னு அர்த்தமில்ல. வீட்டுல அந்த நிமிஷத்தை போன்ல வீடியோ எடுத்துட்டு வந்தா பாதி வேலை முடிஞ்சுது.

10/ "அப்போ மனநோயே இல்ல, எல்லாம் தைராய்டுதான்"னு இதை ஃபார்வர்ட் பண்ணாதீங்க. பெரும்பாலான டிப்ரஷனுக்கு தைராய்டு காரணமில்ல. டிஎஸ்எச் 6ன்னு வந்ததும் மனநல மருந்தை நிறுத்துறது அதே தப்போட மறுபக்கம். தானா நிறுத்தவே நிறுத்தாதீங்க.

11/ நான் கேக்குறது இவ்வளவுதான். உங்க வீட்டுல யாருக்காவது முதல் தடவை மனநோய்னு பேர் வச்சா, அன்னிக்கே கேளுங்க: "டாக்டர், டிஎஸ்எச் பாத்தாச்சா? வலிப்பா இருக்குமான்னு யோசிச்சாச்சா?" கோபப்படுற டாக்டர் கோபப்படட்டும். அந்த அம்மாவுக்குப் போன ஒரு வருஷத்தை நாங்க யாரும் திருப்பித் தர முடியாது.