நடு அடுக்கு ஏன் ஏமாற்றுகிறது?

ஆண்டறிக்கைகளில் அடுக்குப் பரப்புக் குறிவரைவைக் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துவதை நான் ஏற்பதில்லை. அதில் அடியிலுள்ள அடுக்கு மட்டுமே சமமான தளத்தில் நிற்கிறது. மற்றவை கீழுள்ள அடுக்கின் முதுகில் ஏறி நிற்கின்றன.

நூலக இரவலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அடியில் தமிழ் நூல்கள். ஜனவரியில் 20, மார்ச்சில் 80. நடுவில் மலாய் நூல்கள். மூன்று மாதமும் 30. உச்சியில் ஆங்கில நூல்கள். மலாய் அடுக்கு ஜனவரியில் 20 முதல் 50 வரையிலும், மார்ச்சில் 80 முதல் 110 வரையிலும் அமையும். பார்க்கும் பெற்றோர், மலாய் வாசிப்பு உயர்ந்ததென்றே எண்ணுவர். உயர்ந்தது தமிழே.

இன்னொரு சிக்கலும் உண்டு. அடுக்கின் அளவைச் செங்குத்தாக அளக்க வேண்டும். நம் கண்ணோ சரிவுக்குக் குறுக்காக அளக்கிறது. ஆகவே, செங்குத்தான ஏற்றத்தில் அதே 30 மெலிந்து தோன்றும்.

மாறாத மலாயை அடியில் வைத்தால் அது சமமான பட்டையாகும். அதன்மேல் தமிழின் ஏற்றமும் தெளிவாகும். ஆங்கிலத்தின் தளம் அப்போதும் சாய்ந்தே இருக்கும். மூன்றையும் ஒப்பிட வேண்டுமெனில், தனித்தனிக் கோட்டுக் குறிவரைவுகளே நேர்மையானவை என்பது என் கருத்து. மொத்தத்தைக் காட்ட மட்டும் அடுக்குகள் போதும்.