நெஞ்சுமேல உக்காருறது பேய் இல்லை, ஷிப்ட் ரோஸ்டர்

1/ நைட் ஷிப்ட் போற பிள்ளைங்களை "அமுக்குவான் பேய் பிடிச்சிருக்கு"ன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. உத்திரமேரூர் சுத்துவட்டாரத்துல இருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறுற ஒவ்வொரு வீட்டுக்காகவும் இந்த நீண்ட பதிவு.

2/ ஓ.பி.யில சொல்ற புகார் மூணு. கனவு நிஜம் மாதிரியே வருது. முழிச்ச பிறகும் மறக்க மாட்டேங்குது. சில நாள் கண்ணு தெரியுது, கை கால் அசையல, நெஞ்சுமேல யாரோ இருக்காங்க. மூணுக்கும் வேர் ஒண்ணுதான்: தூங்குற நேரம் இடம் மாறிடுச்சு.

3/ 1953ல் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இரண்டு பேர் சிகாகோவில் ஒரு தூக்க நிலையை விவரித்தார்கள். மூடிய இமைக்குள் கண் வேகமா உருளும். அதுதான் 'ரெம்' தூக்கம். மூளை சுறுசுறுப்பா இருக்கும், உடம்புத் தசைகள் தளர்ந்து கிடக்கும். தெளிவான கனவுகள் பெரும்பாலும் இங்கேதான்.

4/ ராத்திரி 10 மணிக்குப் படுத்தா முதல் ரெம் வர சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவும் சில நிமிஷம்தான். விடிய விடிய நீளும். காரணம் உடம்புக்குள்ள ஓடுற கடிகாரம். விடியற்காலை உடம்புச் சூடு அடிமட்டத்துக்குப் போகும். அதையொட்டித்தான் ரெம்முக்கான உந்துதல் உச்சத்துல இருக்கும்.

5/ இப்போ 24 வயசுப் பொண்ணு ஒருத்தின்னு வச்சுக்குங்க. 6 மணிக்கு ஷிப்ட் முடிஞ்சு, 7.30க்கு வீடு, 8 மணிக்குப் படுக்கை. கடிகாரம் இன்னும் ரெம் நேரத்துலதான் நிக்குது. அதனால ராத்திரித் தூக்கத்தை விட சீக்கிரமே கனவுக்குள்ள இறங்கிடுவா.

6/ 10 மணிக்குக் கோயில் மைக்செட், 11 மணிக்குக் கரண்ட் கட், 12 மணிக்கு ஷீட்டு வெக்கை. ஒவ்வொரு தடவையும் கனவு நடுவுல முழிப்பு. ரெம்மில் இருந்து நேரா எழுப்பினா பத்துல எட்டு தடவை கனவு ஞாபகம் இருக்கும். தொடர்ந்து தூங்கினவன் அதே கனவை மறந்திருப்பான். "கனவு அதிகமாச்சு"ன்னு நீங்க சொல்றதுல பாதி, முழிப்பு அதிகமானதுதான்.

7/ என்ன கனவு? கன்வேயர் ஓடிக்கிட்டே இருக்கும், கை எட்டாது. எழுந்து குளிச்சு பஸ் ஏறின மாதிரி இருக்கும், பார்த்தா பாயிலேயே கிடப்பா. சகுனம் எதுவும் இல்லை. மூளை அன்னைக்குப் பாத்த வேலையையும் வெளியே கேக்குற சத்தத்தையும் சேர்த்துத் தைக்குது.

8/ நாலு மணி நேரம்தான் தூங்கினா ரெம்மும் கடன் விழும். லீவு நாள் ராத்திரி மூளை அதை வட்டியோட வசூல் பண்ணும். அதான் வேலை இல்லாத நாள்லயே பயங்கரக் கனவு.

9/ "அமுக்குறது" இதோட நீட்சி. முழிப்பு முந்திடுச்சு, தசை இன்னும் ரெம்மிலேயே இருக்கு. உதரவிதானம் வேலை செய்யுது, விலா எலும்புத் தசை தளர்ந்திருக்கு, அதனாலதான் நெஞ்சு பாரம். கனவுல வந்த உருவம் அறையில நிக்கும். சில நொடி, மிஞ்சினா சில நிமிஷம். உயிருக்கு ஆபத்து இல்லை. இதுக்காக ஒரு பொண்ணோட வேலையை நிறுத்தி, "கோளாறு"ன்னு பேர் வாங்கிக் கொடுக்கிறோம். நியாயமா?

10/ எங்க ஆளுங்களையும் சொல்றேன். ஷிப்ட் நேரத்தைக் கேக்காமலே அல்பிரஸோலம் எழுதறதும் மந்திரிக்கிறதுல ஒரு வகைதான். அதுவும், தூங்க அடிக்கிற குவார்ட்டரும் ரெம்மை அமுக்கி வைக்கும். சரக்கு இறங்கினதும், மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினதும் கெட்ட கனவு கரை உடைச்சு வரும்.

11/ நிர்வாகங்களுக்கு: வாரா வாரம் நைட், செகண்ட், ஃபர்ஸ்ட்னு பின்னோக்கி ஏன் சுத்துறீங்க? உடம்புக் கடிகாரத்துக்குத் தள்ளிப் படுக்கிறது சுலபம், முந்திப் படுக்கிறது கஷ்டம். 1982ல் செய்ஸ்லர் குழு அமெரிக்காவின் யூட்டாவில் இதைச் செய்து காட்டியது. சுழற்சியை முன்னோக்கித் திருப்பி, வாரத்துக்குப் பதில் மூணு வாரம் வச்சாங்க. தொழிலாளர் திருப்தியும் உற்பத்தியும் கூடுச்சு. நாப்பது வருஷம் தாண்டிடுச்சு சார்!

12/ வீட்டுல: ஜன்னலுக்குக் கனமான போர்வை, காதுல பஞ்சு, சாயந்திரம் கிளம்பும் முன்னாடி ஒரு மணி நேரத் தூக்கம். மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுத்தா அமுக்குறது குறையும்.

13/ இதெல்லாம் இருந்தா டாக்டரைப் பாருங்க: சிரிக்கும்போது முட்டி மடங்குது; பகல்ல நின்னுக்கிட்டே தூங்குது; கனவுல எழுந்து அடிக்கிறாங்க; நல்லா முழிச்சிருக்கும்போதும் குரல் கேக்குது. வரும்போது ரெண்டு வார ஷிப்ட் நேரத்தையும் தூங்கின நேரத்தையும் எழுதி எடுத்துட்டு வாங்க. தாயத்து வேண்டாம், அந்தத் தாள் போதும்.