மகஜரில் கையொப்பம் வைத்த பெற்றோருக்கு



"டீச்சர், அந்தப் புள்ள கத்துறதால எங்கட புள்ளைகள்ட படிப்பு பாழாகுது. விசேட பிரிவுக்கு அனுப்பினா என்ன?" என்று போன வாரம் கேட்டடியில் மறித்துக் கேட்டீர்கள். இப்போது அதிபருக்கு மகஜரும் போயிருக்கிறது. அங்கே சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன்.

ஓட்டிசம் உள்ள அந்த மகன் தரம் 3இல் என் வகுப்பு. முதலாம் தவணையில் அநேகமாக ஒவ்வொரு நாளும் கத்தினார். நானும் அடம் என்று நினைத்து ஏசியிருக்கிறேன். பிறகு இரண்டு வாரம், கத்திய நேரத்தையும் அதற்குச் சற்று முன் நடந்ததையும் ஒரு கொப்பியில் எழுதிவந்தேன். அநேகமானவை இரண்டே இடத்தில் வந்து நின்றன: இடைவேளை மணி, சொல்லாமல் நான் பாடம் மாற்றும் நேரம்.

எங்கள் மணி, வராந்தாவில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அவருடைய கதிரை கதவோரம். நமக்கு அது மணி. அவருடைய காதுக்கு அடி. கதிரையை உள் மூலைக்கு மாற்றினேன். மணி அடிக்க முன், காதைப் பொத்திக்கொள்ளச் சைகை காட்டுகிறேன். அன்றைய பாடங்களை மட்டையில் படமாக ஒட்டி மேசையில் வைத்தேன். முடிந்த படத்தை அவரே கழற்றி உறைக்குள் போடுவார். ஐந்து நிமிடத்துக்கு முன், "கணிதம் முடியப் போகுது. அடுத்தது இடைவேளை" என்பேன்.

என் பேச்சையும் மாற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள் "வாயப் பொத்துங்க" என்றேன். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, நான் எடுக்கச் சொல்லும் வரை அப்படியே இருந்தார். வகுப்பு சிரித்தது. வெட்கப்பட்டது நான்தான். இப்போது பெயரைக் கூப்பிட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லிவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருக்கிறேன். "ஓடாதீங்க" என்பதில்லை, "நடங்க" என்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நான் லீவு போட்டு வேறு டீச்சர் வரும் நாளும், விளையாட்டுப் போட்டிப் பயிற்சி நாளும் கஷ்டம். நோன்பு விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம் முழுக்கப் போனது. இப்போது மாற்றம் வரும் நாளில் காலையிலேயே அந்தப் படத்துக்கு மேல் சிவப்பு மட்டை வைக்கிறேன். அப்படியும் கத்தினால் வாசிப்பு மூலையில் பத்து நிமிடம் விடுகிறேன், யாரும் பேசுவதில்லை. அந்த நேரத்தில் நம் புத்திமதியும் அவருக்கு இன்னொரு சத்தம்தான். அடம் பிடிக்கும் பிள்ளை கேட்டது கிடைத்தால் அநேகமாக நிறுத்திவிடும். இவரால் அப்போதும் உடனே நிறுத்த முடிவதில்லை.

"ஜின்" என்று சொன்ன சகோதரருக்கு: துஆ கேளுங்கள், ஓதிப் பாருங்கள். ஆனால் கதவோரக் கதிரையை மாற்றியது நான்.

இந்த நாட்டில் 5 முதல் 16 வயது வரை பாடசாலைக்கு வருவது கட்டாயம். அவர் உங்கள் பிள்ளைகளின் இடத்தில் இருக்கவில்லை, தன் இடத்தில் இருக்கிறார்.

அவர் கத்துவதை வீடியோ எடுத்து பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டவர், இன்றே அழித்துவிடுங்கள். அவருடைய உம்மாவும் அந்தக் குழுவில் இருக்கிறார்.

மகஜரில் கையொப்பம் வைத்தவர்கள் அதிபரிடம் அனுமதி எடுத்து, திங்கட்கிழமை இடைவேளைக்கு முன் என் வகுப்பின் பின் வாங்கில் வந்து இருங்கள். மணி அடிக்கும் வரை இருந்துவிட்டு, பிறகு பேசுவோம்.